சொல்லாமல் விட்ட சிவப்புச் சீட்டு

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலையின் ஸ்டோர்ஸில், வரும் சரக்கைப் பதிவு செய்யும் குமாஸ்தா நான். பி.காம். அந்தப் பட்டத்தின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கோக்கும் ஈ.ஆர்.பி. எங்கள் ஆலைக்கும் வரப்போகிறது என்றார்கள். அதை ஆலைக்கு ஏற்றபடி அமைத்துத் தருகிறவருக்கு ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்று பெயராம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்தால் போதுமாம். ஆஹா, இது நமக்கென்றே செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். மூன்று மாதம் படித்தால் நேரே வெளிநாடு என்றான் அங்கிருந்தவன். கட்டணம் என் ஒரு வருஷச் சம்பளம். "ஆலையில நிஜமா வேலை செஞ்சு பாக்கறது எப்போங்க?" என்று கேட்டேன். "ஸ்கிரீன் எல்லாம் காட்டுவோம் சார்" என்றான். யார் காதில் பூச் சுற்றுகிறான் என்று திரும்பி வந்துவிட்டேன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஈ.ஆர்.பி. வேலைக்கென்று ஆலை ஆட்களையே சேர்த்து அமைக்கப்போகும் கோர் டீமில் ஸ்டோர்ஸுக்கு ஒரு இடம் உண்டு. அதில் உட்கார்ந்தால், கன்சல்டன்டுகளின் பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு அமைப்பையும் செய்து பார்த்துக் கற்கலாம். அந்த இடத்துக்கு ஆளைச் சொல்லப்போகிறவள், பெங்களூரிலிருந்து வந்த கன்சல்டன்ட் பெண். என் வயசுதான். அவளும் பி.காம்.

நோட்டோடு என் மேசைக்கு வந்தாள். "லாரி கேட்டுக்குள்ள வந்ததுல இருந்து சொல்லுங்க. சட்டப்படி இல்ல, நெஜமா என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

வாயைக் கிண்டுகிறாள் என்று பட்டது. ஆறு வருஷம் நான் கற்றதை நோட்டில் வாரிக்கொண்டு போய்விட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டரே போதும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? அதனால் கையேட்டில் உள்ளதை மட்டும் ஒப்பித்தேன். கேட்டில் பதிவு, ஆர்டரோடு சரிபார்ப்பு, சரக்கு வரவு, தர ஆய்வு, அதன்பின் உற்பத்தி லைனுக்கு வழங்கல்.

"வேற வழி ஏதும் இல்லையா?"

"இல்லீங்க."

இருந்தது. பேரிங் தட்டுப்பாடு என்றால் லாரியிலிருந்தே பெட்டியை லைனுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். சூப்பர்வைசர் ஒரு சிவப்புச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். வரவும் ஆய்வும் மறுநாள் காகிதத்தில் ஏறும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது நடக்கும். ஆலையே அதில்தான் ஓடியது.

சோதனை நாள் வந்தது. மேனேஜர் உட்பட எல்லோரும் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். அவள் பேரிங்குக்கு வரவு போட்டாள். சரக்கு, தர ஆய்வு முடியாத இருப்பில் போய் உட்கார்ந்தது. உடனே லைனுக்கு வழங்கப் பார்த்தாள். ஆய்வு முடியாமல் வழங்க முடியாது என்று சிஸ்டம் மறுத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிவப்புச் சீட்டு வந்தா இங்க என்ன பண்ணுவீங்க?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் மேசை டிராயரைத் திறந்து சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "நாந்தாங்க சொல்லல" என்றேன்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் அவள். "உங்க வாயில வரட்டும்னு காத்திருந்தேன்."

அவளிடம் சொன்னவர், ஸ்டோர்ஸில் சரக்கை எடுத்துக் கொடுக்கும் எங்கள் வழங்கல் கவுன்டர்காரர். கன்னடம் பேசும் தளி ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பத்தாவதுவரைதான் படிப்பு. டீ குடித்துக்கொண்டே கன்னடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருக்கிறார். அவசரச் சரக்குக்குத் தர ஆய்வாளர் அங்கேயே அனுமதி கொடுத்து, அந்த நிமிஷமே வரவும் வழங்கலும் கம்ப்யூட்டரில் ஏறுகிற மாதிரி வைக்கலாம் என்று யோசனையும் சொன்னாராம்.

அவள் நோட்டில் கோர் டீம் இடத்துக்கு அவர் பெயர்தான் எழுதியிருந்தது.

"அவருக்கு டெபிட், கிரெடிட் தெரியாதேங்க" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"அத நான் சொல்லிக்குடுத்துக்கறேன்" என்றாள்.

அவள்மேல் வந்த ஆத்திரம் மதியத்துக்குள் என்மேலேயே திரும்பிவிட்டது. யாரும் என்னிடமிருந்து எதையும் திருடவில்லை. கிடைத்த இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கவுன்டர்காரர் கண்ணில் படாமல் சுற்றினேன். மூன்றாம் நாள், கர்வத்தை விழுங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அவர் மட்டும் இருந்தார். திரையில் தர ஆய்வு அமைப்பு திறந்திருந்தது.

"அண்ணே, இது எப்படி அமைக்கறதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

அவர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, அன்று அவள் நோட்டை நான் பார்த்த மாதிரியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாத்துக்குக் கேக்கற?"