ஆட்டு ரத்தமும் என் ரத்தமும்

ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஒரு நோவும் கிடையாது. காலையில் எழுந்து கோழி ஷெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நாலு இட்லி தின்றால் தெம்பாக இருப்பேன். எண்பதுகளில் புதுச்சத்திரம் பக்கம் ஆயிரம் கோழிகளோடு பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து இதே கதைதான். அதனால் சேலத்து ஆஸ்பத்திரியில் முழு உடம்புப் பரிசோதனைக்கு மகள் என் பெயரைக் கொடுத்தபோது, அவள் மனசு நோகக்கூடாதே என்றுதான் போனேன்.

அங்கே ஒரு சின்னக் குழாயும் குச்சியும் கொடுத்தார்கள். மலத்தில் குச்சியை நாலு இடத்தில் குத்தி, குழாய்க்குள் சொருகி மூடித் தரவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிவிடுமாம். ரத்தச் சோதனை, சர்க்கரை எல்லாம் சரியாக வந்தன. இது மட்டும் பாசிட்டிவ். கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கச் சொல்லி, குடல் டாக்டரிடம் போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. யோசித்துப் பார்த்ததும் காரணமும் அகப்பட்டது. சோதனைக்கு முந்தின ஞாயிறு பங்காளி வீட்டில் கெடா வெட்டு. ரத்தப் பொரியல் இரண்டு தடவை வாங்கித் தின்றிருந்தேன். உள்ளே போனது ஆட்டு ரத்தம், வெளியே வந்தது ஆட்டு ரத்தம். இதற்குப் போய்க் குழாய் எதற்கு?

ஆட்டு ரத்தந்தான், வேறொன்றுமில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கறியே தொடவில்லை. பிறகு நாமக்கல்லில் ஒரு லேபில் யாருக்கும் தெரியாமல் அதே சோதனையை மறுபடி செய்தேன். நெகட்டிவ்! அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். மனைவி எடுத்துப் படித்தாள்.

"என்னுங்க இது?"

"ஆட்டு ரத்தம் புள்ள. சொன்னேன்ல? எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் காகிதத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பிறகு, "ஏனுங்க, நம்ம ஷெட்டுல கோழி எச்சத்த எடுத்துக் குடுத்து, நோவுன்னு ரிப்போர்ட் வருதுன்னு வெச்சுக்குங்க. மறுவாரம் இன்னொரு எச்சம் குடுத்து நல்லாருக்குதுன்னு வந்தா, கோழியப் பாக்காம உட்டுருவீங்களா?" என்றாள்.

விடமாட்டேன். அன்றைக்கே கால்நடை டாக்டருக்குப் போன் போடுவேன். அது அவளுக்கும் தெரியும். "கோழிக்குப் பாக்கறத உங்களுக்குப் பாக்க மாட்டீங்களா?" என்றபோது அவள் குரல் உடைந்தது. மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

குடல் டாக்டர் சின்ன வயசுப் பெண். கெடா வெட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "இந்தச் சோதனை மனுச ரத்தத்த மட்டுந்தான் காட்டுங்க ஐயா. ஆட்டு ரத்தமெல்லாம் தெரியாது. நீங்க தின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இரண்டாவது காகிதத்தை நீட்டினேன். அதுவும் செல்லாது என்று தலையாட்டினார். குடலில் சதைக்கட்டி இருந்தால் அது தினமும் ரத்தம் கசியாதாம். கசியாத நாளில் எடுத்தால் நெகட்டிவ்தான் வரும். "ஒருதடவ பாசிட்டிவ் வந்தா மறுபடி சோதிக்கறது இல்லீங்க, உள்ள போய்ப் பாக்கறதுதான் முறை. பயப்படாதீங்க, பெரும்பாலும் புத்துநோய் இருக்காது."

அந்தக் கடைசி வரியை வீடு வரும்வரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

குழாய் விடுவதற்கு முந்தின நாள் வெறும் கஞ்சித்தண்ணியும் இளநீரும். அப்புறம் குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீர், சாயங்காலம் பாதி, விடியலில் பாதி. சத்தியமாகச் சொல்கிறேன், மொத்த வேலையிலும் கஷ்டம் அது ஒன்றுதான். கக்கூசுக்கு ஓடும்போதெல்லாம் டாக்டரைத் திட்டினேன், மகளைத் திட்டினேன். மனைவி தம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஒரு கட்டி இருந்துச்சுங்க ஐயா. சுண்டைக்காயவிடக் கொஞ்சம் பெருசு. கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துட்டேன்."

அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரைக்கும் ஷெட்டில் அன்றன்றைக்கு எத்தனை முட்டை வந்தது என்று எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் போனோம். புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் சில வருடங்களில் புற்றாக மாறியிருக்கக்கூடிய வகை என்றார் டாக்டர். மூன்று வருடம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். அந்த இடத்திலேயே வெட்கமில்லாமல் அழுதேன்.

வீடு வந்ததும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பவும் சாமி படத்து முன்னால் வைத்திருந்த அந்த நெகட்டிவ் காகிதத்தை எடுத்துக் கிழித்தேன். பிறகு சேலத்திலிருந்து வாங்கி வந்திருந்த இன்னொரு குழாயையும் குச்சியையும் மனைவி கையில் கொடுத்தேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு.

"எனக்கென்னங்க, நான் நல்லாத்தானே இருக்கறேன்?"

"நானும் நல்லாத்தான் புள்ள இருந்தேன்" என்றேன்.