வேதவதியின் இருபத்தாறு வாரங்கள்

வேதவதிக்கு நாற்பத்து மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் அப்பா பராசரனுடன் இருக்கிறாள். வேலை, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு கவுண்டரில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பெயர், வயது, எந்த டாக்டர் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை.

அவளுடைய தங்கை கோமளா பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை பார்த்து, அங்கேயே பாஸ்கால் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டவள். போன டிசம்பரில் கோமளா நோயில் இறந்துபோனாள். நீனா என்று ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. அந்தக் குழந்தைக்கு பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். தமிழ் மெதுவாகச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று கோமளா நினைத்திருந்தாள். அதற்கு நாள் இருக்கவில்லை.

கோமளா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால் வரும். குழந்தை திரையைப் பார்க்கும், இவள் ஆங்கிலத்தில் ஏதாவது சொல்வாள், குழந்தை இறங்கி ஓடிவிடும். ஜூன் மாதம் பாஸ்கால் எழுதினார்: “புரியாத பேச்சைக் கேட்டு அவள் கலங்கிப்போகிறாள். இனி மாதம் ஒரு தரம் போதும். டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு அழைத்து வருகிறேன். அப்போதும் ஒட்டவில்லை என்றால் அவளை வற்புறுத்த மாட்டேன்.”

வற்புறுத்த மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று வேதவதிக்குத் தெரிந்தது. கோமளாவுடையது என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு குழந்தை. அதுவும் கைவிட்டுப் போய்விடும். ஆறு மாதத்தில் அவள் பிரெஞ்சு பேசியாக வேண்டும்.

கே.கே. நகரில் மாலினி என்ற பெண் வீட்டில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு போனாள். மாலினிக்கு இருபத்தேழு வயது, பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக இருந்தவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள்.

“உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்க்கா? பொய் சொல்லாதீங்க.”

“கார்த்தால அரை மணி. பஸ்ல அரை மணி. மத்தியானம் சாப்பிட்டப்புறம் பத்து நிமிஷம்.”

“அது போதும். காலையில புதுப் பாடம். பஸ்ல வெறும் கேக்கறது மட்டும். மத்தியானம் வார்த்தைச் சீட்டு. இன்னிக்குப் படிச்ச வார்த்தைய நாளைக்குப் பாக்கணும், அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள். மறக்கப் போற நேரத்துல பாத்தாத்தான் நிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் எழுதுங்க. ஞாயித்துக்கிழமை இங்க வாங்க. அரை மணி திருத்தம், அரை மணி வெறும் பேச்சு. வாரத்துக்கு ஒம்போது மணி நேரம், இருபத்தாறு வாரம். இருநூத்தி முப்பது மணி நேரத்துல கதை படிக்க வராது. ஆனா ஒரு ஆறு வயசுப் பிள்ளையோட பேசலாம்.”

தாளில், முதல் மாதம் உச்சரிப்பு, வணக்கம், எண்கள், ‘இருக்கிறேன்’, ‘வைத்திருக்கிறேன்’. இரண்டாம் மாதம் வீடு, சாப்பாடு, கேள்வி கேட்பது. மூன்றில் நாளை செய்யப்போவது, நான்கில் நேற்று செய்தது. ஐந்தில் பேச்சு அதிகம், பாடம் கொஞ்சம். ஆறில் புதுப் பாடமே கிடையாது, பேச்சு மட்டும். வேதவதி அந்தத் தாளை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் படிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான். சின்ன வயதில் அவள் அப்பாவிடம் பாசுரங்களைச் சந்தை முறையில் கற்றவள். சொல்லிக் கொடுப்பவர் ஒரு தரம் சொல்வார், கற்பவர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். அர்த்தம் பிறகு வரும். நடுவில் நிறுத்தக் கூடாது, சந்தேகம் கேட்கக் கூடாது, ஒரு எழுத்து பிசகக் கூடாது. பிரெஞ்சையும் அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். போனில் ஒரு வரி, அவள் இரண்டு தரம். காலை ஐந்தரைக்குப் பூஜை அறைக்கு வெளியே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

“ஸ்வரம் நன்னா வர்றதுடீ,” என்றார் பராசரன். “அர்த்தம்தான் எனக்கு விளங்கலை.”

“எனக்கும் பாதி விளங்கலைப்பா.”

ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் தங்கையன் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, பாரிஸ்ல கவுண்டர் தொறக்கறாங்களா? நம்மளையும் கூட்டிக்கிட்டுப் போங்க,” என்றான். அவள் சிரிக்கவில்லை. பத்து நிமிடத்தில் இன்னும் எட்டுச் சீட்டு பாக்கி இருந்தது.

உச்சரிப்பு அவளுக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில் மாலினி அசந்துபோனாள். அதனால்தான் தவறு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பேச்சு நேரம் வரும்போதெல்லாம் வேதவதி, “முதல்ல பாடம் ஆகட்டும் மாலினி, பேச்சு அப்புறம்,” என்பாள். மாலினியும் விட்டுக் கொடுத்தாள். அந்த அரை மணியிலும் அவள் ஒப்பித்தாள். தன்னைப் பற்றி ஒரு பத்தி, வீட்டைப் பற்றி ஒரு பத்தி, ஊரைப் பற்றி ஒரு பத்தி. பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது பத்திகள், ஒரு பிசகு இல்லாமல்.

ஜூலை, ஆகஸ்ட் கால்களில், பாடம் ஆகட்டும் என்று அவள் பிரெஞ்சைத் தொடவில்லை. பதின்மூன்றாம் வாரம், செப்டம்பரில், அந்த மாதத்துக்கான கால் வந்தது.

வேதவதி பிரெஞ்சில் பேச ஆரம்பித்தாள். “கண்ணே, வணக்கம். நான் வேதவதி. நான் உன் அம்மாவின் அக்கா.” நீனா ஓடவில்லை. திரைக்கு வெகு அருகில் வந்தது. கண் இமைக்காமல் கேட்டது. முதல் பத்தி முடிந்ததும் குழந்தை வேகமாக ஒரு கேள்வி கேட்டது.

வேதவதிக்கு ஒரு சொல் கூடப் பிடிபடவில்லை. நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தக் கூடாது என்றுதான் அவளுக்குப் பழக்கம். வாய்க்கு வந்த ஒரு ஆமாமோடு இரண்டாம் பத்தியைத் தொடங்கினாள். “ஆமாம். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் நிறைய இடம் இருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது. நீ எப்போது வருகிறாய்?”

குழந்தை கைகொட்டிச் சிரித்தது. வேதவதியும் சிரித்தாள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சாயங்காலம் பாஸ்காலிடமிருந்து செய்தி வந்தது.

“பிரெஞ்சில் பேசும்போது உங்கள் குரல் கோமளாவின் குரலைப் போலவே இருக்கிறது. அதைக் கேட்டு நீனா, அம்மா அங்கேதான் இருக்கிறாளா என்று கேட்டாள். நீங்கள் ஆமாம் என்றீர்கள். அவள் தன் பையில் துணிகளை எடுத்து வைத்துவிட்டாள். நான் இல்லை என்று சொன்னால் என்னைப் பொய்யன் என்கிறாள். இனி டிசம்பர் வரை கால் வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டதால் வருகிறோம், ஆனால் மூன்று நாள்தான். நீங்கள் சொன்னது தவறு என்று நீங்களே அவளிடம் சொல்ல வேண்டும்.”

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேராக கே.கே. நகர் போனாள். மாலினி செய்தியை இரண்டு தரம் படித்தாள்.

“தப்பு என்னுதுக்கா. நீங்க சொன்னீங்கன்னு நான் விட்டிருக்கக் கூடாது.”

“உன்னைக் குத்தம் சொல்ல வரலை. பதிமூணு வாரம் இருக்கு. அந்தக் குழந்தை எதைக் கேட்டாலும் எனக்குப் புரியணும். பதில் சொல்லணும். முடியுமா, முடியாதா?”

“ஒப்பிக்கறத இன்னியோட விடுங்க. அப்படின்னா முடியலாம்.”

பழைய தாளின் பின்பக்கத்தில் மாலினி வேறு கோடு போட்டாள். காலை அரை மணியில் பாதி, சின்னப் பிள்ளைகள் பேசுகிற பிரெஞ்சைக் கேட்பது: ஒரு தரம் திரையில் எழுத்தில்லாமல், ஒரு தரம் எழுத்தோடு, திரும்ப எழுத்தில்லாமல். வாரத்துக்கு ஒன்றாக இருந்த பேச்சு மூன்றாக வேண்டும், இரண்டு போனில் இருபது நிமிடம், ஒன்று நேரில். புதுச் சொற்கள் புத்தகத்திலிருந்து வராது. பேச்சில் எந்தச் சொல் கிடைக்காமல் தடுமாறினாளோ, அதுதான் அந்த வாரத்துச் சீட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு வரி: ‘ழெ நே பா கோம்ப்ரி’, எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்த வரிதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. முதல் மூன்று வாரம் மாலினி கேள்வி கேட்டதும் வாய் தானாக ஏதாவது பத்தியில் போய் விழுந்தது. மாலினி மேஜையைத் தட்டுவாள். “நிறுத்துங்க. நான் என்ன கேட்டேன்?” வேதவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரியவில்லை என்பாள். “அப்ப அதச் சொல்லுங்க. அசிங்கம் இல்ல.”

அழகாக இருந்த உச்சரிப்பு கூடக் கெட்டது. வாக்கியங்கள் நொண்டின. பதினேழாம் வாரம் காய்ச்சலில் ஐந்து நாள் போயிற்று. பதினெட்டாம் வாரம் எதுவும் ஏறாமல் பஸ்ஸில் இயர்போனைக் கழற்றிவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டும் வரை அழுதாள். பக்கத்து ஸீட்டு அம்மாள், “யாரும் தவறிட்டாங்களா?” என்று கேட்டாள். வேதவதிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை.

இருபதாம் வாரத்திலிருந்து மாலினி குழந்தையாக உட்கார்ந்தாள். அம்மா எங்கே, ஏன் பொய் சொன்னாய், எப்போது வருவாள். ஒவ்வொரு தரமும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும், ஒரே பதில் பழகிவிடக் கூடாது. ஒரு ஞாயிறு மாலினி நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், திரும்ப வரவில்லை. வேதவதி சமையலறைக்குள் போய்ப் பார்த்தாள்.

“என்னால அதக் கேக்க முடியலக்கா.”

“கேளு. அவ கேக்கப் போறா. அன்னிக்கு அது எனக்கு முதல் தரமா இருக்கக் கூடாது.”

மாலினி திரும்ப வந்து கேட்டாள்.

மார்கழியில் அவர்கள் வந்தார்கள். ஊர் முழுக்க ஏகாதசிக் கூட்டம், ஆட்டோ வீதிக்குள் வர முடியாமல் முனையிலேயே இறங்கி நடந்தார்கள். நீனா முதுகில் தன் பையைத் தானே சுமந்து வந்தது. வாசலில் நின்ற வேதவதியைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே போய் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. படுக்கை அறை. சமையலறை. கிணற்றடி. பராசரன் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பாஸ்கால் கூடத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை.

கடைசி அறையில் அரிசிப் பானைகள்தான் இருந்தன. குழந்தை திரும்பி, “அவள் எங்கே?” என்றது.

பின்னாலேயே வந்த வேதவதி தரையில் உட்கார்ந்தாள். “அவள் இங்கே இல்லை. நீ கேட்டாய். எனக்குப் புரியவில்லை. புரியாமல் ஆமாம் என்று சொன்னேன். தப்பு என்னுடையது. அப்பா சொன்னது நிஜம். அம்மா இறந்துபோனாள்.”

அவள் பிரெஞ்சில் இரண்டு பிழை இருந்தது. குழந்தைக்குப் புரிந்துவிட்டது. அழுதது, கத்தியது, பையைக் கழற்றித் தரையில் அடித்தது. நீளமாக, வேகமாக என்னவோ சொன்னது. பாஸ்கால் அறை வாசலுக்கு வந்துவிட்டார், தூக்கிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது.

“ழெ நே பா கோம்ப்ரி,” என்றாள் வேதவதி. “மெதுவாகச் சொல்லு.” பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தை மூக்கை உறிஞ்சியது. ஒவ்வொரு சொல்லாக, கோபத்தோடு சொன்னது: “அப்படியென்றால் ஏன் உன்னிடம் அவள் குரல் இருக்கிறது?”

மாலினி கேட்காத கேள்வி அது. சீட்டில் இல்லாத பதில்.

“நான் அவள் அக்கா. சின்ன வயதில் ஒரே வீடு. இந்த வீடு. ஒரே குரல்.”

நீனா அவளையே பார்த்தது. பக்கத்தில் வரவில்லை. அரிசிப் பானைமேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியது.

“பேசு,” என்றது.

வேதவதிக்குத் தெரிந்த ஒன்பது பத்திகளும் அப்படியே நினைவில் இருந்தன. ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

“என்ன பேச?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.