நடுவில் தூண் இல்லாத ஷெட்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லேத் பட்டறையில் இரும்புத்தூளைக் கூட்டிப் பெருக்கித் தொழில் கற்று, இன்று என் கிரைண்டர் ஓடாத தெரு கோயமுத்தூரில் இல்லை என்கிற அளவுக்கு வந்தவன். தன்னைத்தானே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறானே என்று நினைக்க வேண்டாம். உண்மையைச் சொல்ல எதற்கு வெட்கம்?

அன்னூர் பக்கம் புது ஷெட் போட இறங்கியபோது, ஆர்க்கிடெக்ட் முதலில் கொடுத்த பிளானில் நடுவே ஒரு வரிசைத் தூண் இருந்தது. லாரி உள்ளே வந்து திரும்ப வேண்டாமா என்று கேட்டேன். பெரிய படிப்புப் படித்த மனிதர், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். நடுத் தூணை எடுத்தால் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் நீளமாக வேண்டும், ஓரத் தூண்களுக்கு அஸ்திவாரம் பெரிதாக வேண்டும். எல்லாம் கணக்குப் போட்டுப் புது பிளான் தயாரானது.

அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது, அவர் ஆபீசில் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பெண். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் யோசனையில் வந்த பிளானை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அப்படியே மேஸ்திரிக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஜேசிபி முதல் குழியைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணிடமிருந்து போன்.

"சார், முதல்ல ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் சொல்றேனுங்க."

கையைக் காட்டி நிறுத்தினேன். "ஏன் கண்ணு, யாராச்சும் கேஸு போட்டுட்டாங்களா?"

"இல்லைங்க சார். நான் பழைய பிளானை அனுப்பிட்டேன். இப்பத்தான் திறந்து பார்த்தேன். எங்க சார்கிட்டயும் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுங்க."

திரும்பிப் பார்த்தேன். குழி நட்டநடுவில் இருந்தது. வந்ததே கோபம். "இத்தனை படிச்சுப்போட்டு, ஒரு ஃபைலைப் பார்த்து அனுப்பத் தெரியாதா?" என்று கத்தினேன். அவள் அழவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"திட்டுங்க சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த பிளானை வேற யாருக்கெல்லாம் அனுப்புனீங்க?"

என் சத்தம் இறங்கிவிட்டது. "ஈரோட்டுச் சம்பந்திக்கு அனுப்புனேன். அப்பறம் எங்க தொழில் சங்கத்து குரூப்புல போட்டேன்."

"குரூப்புல எத்தனை பேருங்க?"

"ஊரே இருக்குது அம்மணி."

"அவங்கெல்லாம் நம்ம ஷெட்டைக் கட்டப்போறதில்லைங்க சார். பிளானைப் பார்த்து வேலை செய்யற ஆளுங்க யாராச்சும்?"

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும் முன்பே உறைத்தது. சோமனூரில் இரும்புச் சட்டம் செய்கிறவனுக்கும் அனுப்பியிருந்தேன். இன்று காலை பைப் வெட்டப்போவதாகச் சொல்லியிருந்தான். குட்டையாக வெட்டிவிட்டால், அதை ஒட்டுப்போட்டு நீளச் சட்டம் செய்ய ஆர்க்கிடெக்ட் விடமாட்டார். பைப் மொத்தமும் வீண்.

அவளை லைனில் வைத்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. வெட்டும் மெஷின் ஓடினால் அவனுக்கு எது கேட்கும்? அவளிடமே சொன்னேன்.

"அந்தப் பட்டறையில வேற யாரு சார் போன் எடுப்பாங்க?"

அவன் வீட்டுக்காரி அங்கேயே ஆபீஸ் அறையில் இருப்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே போட்டேன்.

"சொல்லுங்ணா, நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாம்..."

"மெஷினை நிறுத்தச் சொல்லு அம்மணி, ஓடு!"

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது. மெஷின் இரைச்சல் காதைப் பிளந்தது, சட்டென்று அடங்கியது. அப்புறம் அவன் குரல்: "ரெண்டே பைப்புதானுங்ணா போச்சு. வாசல் கேட்டுக்கு வெச்சுக்கலாமுங்க."

கொஞ்ச நேரத்தில் ஆர்க்கிடெக்டும் அவளும் காரில் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி கையிலிருந்த பழைய பிரிண்டை அவள் வாங்கிக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டாள். புதியதைக் கொடுத்து, மூலையில் இருந்த பிளான் எண்ணைத் தொட்டுக் காட்டி, "இனி இந்த நம்பர் இருக்கறதை மட்டும் பாருங்கண்ணா" என்றாள். நடுக்குழியை மண் போட்டு, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காக இடித்து இறுக்கச் சொன்னார் ஆர்க்கிடெக்ட். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார். உங்க வேலைக்கு வேற ஆளைப் போட்டுடறேன்."

"அதெல்லாம் வேண்டாமுங்க. தப்பு செஞ்சுபோட்டுப் போனை அணைச்சு வெக்கறவங்களைத்தான் நான் பார்த்திருக்கறேன். இந்தப் பொண்ணு என்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடி ஜேசிபியை நிறுத்துனவ. இவளே இருக்கட்டும்."

ஆள் பார்ப்பதில் நான் இதுவரை தோற்றதில்லை.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி போன் செய்தார். நேற்று அனுப்பியது பழைய பிளான் என்று சொல்லும்படி போனை அவளிடமே கொடுத்தேன். அவள் இரண்டு மூன்று முறை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சார், நடுவுல தூண் இருந்தாத்தான் நல்லதுங்கறாருங்க."

போனை வாங்கிக்கொண்டேன். "நீங்க போயி வேலையைப் பாருங்க கண்ணு. இவரை நான் பார்த்துக்கறேன்."