பொங்கக் கூடாது, வெடிக்கக் கூடாது

பளபளப்பான ஆர்ட் அட்டைத் துண்டு ஒன்றை எண்ணெய்க் கையோடு பிடித்துக்கொண்டு, என் மாப்பிள்ளை அதைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாப்பிள்ளை என்றால் உறவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். அவன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நான் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கு வாசகம் எழுதுகிறவன். ‘வானைப் பிளக்கும்’, ‘வண்ணம் சிதறும்’ என்றெல்லாம் படித்திருப்பீர்களே, அதில் பாதிப் பொய் என்னுடையது. அவன் பிறந்தநாளுக்கு, லேபிள் வெட்டியதில் மிஞ்சிய அட்டையில் ஒரு வாழ்த்து அடித்துக் கொடுத்திருந்தேன். ‘பாலாய்ப் பொங்கு, கடுகாய் வெடி, கொதிக்கும் குழம்பாய்ச் சிதறு’ என்பது அதன் சாரம். சமையல் பிரியனுக்குச் சமையலிலேயே வாழ்த்து. இதைவிட என்ன வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“ஏலே, இது சமையல் இல்லலே, பட்டாசு” என்றான். “பால் பொங்குனா அடுப்பு அணையும். கொழம்பு செதறுனா மூஞ்சி வேகும். அடுப்புல எது பொங்குனாலும் வெடிச்சாலும் சமைக்கிறவன் தூங்கிட்டான்னு அர்த்தம். ஒருத்தன நல்லா இருன்னு சொல்றதுக்கு இம்புட்டு விபத்தா?”

அன்று அவன் சொன்னது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் தொழிலின் குறை முழுவதும் அதில் இருந்தது. எங்கள் ஊரில் எழுதுகிறவனுக்கு எதுவும் கடைசியில் வெடித்தாக வேண்டும். அவனோ, நெருப்பே கூடாத இடத்தில் வேலை பார்க்கிறவன். கம்பெனி வாசலில் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார்கள். வாரம் முழுக்க ஒரு பொறி விழாமல் பார்த்துக்கொண்டவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும்போது, கோயில் நடை திறப்பது மாதிரி இருக்கும். நெருப்பை எப்படிக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதுதான் அவனுக்குச் சமையல். அதனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் எழுதுவதும், அவன் அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டு திருத்துவதும், திருத்திய கையோடு எங்களுக்கு ஆக்கிப் போடுவதும் வழக்கமாகிப் போனது. நானும் கற்றுக்கொண்டேன். நண்பனைத் தேனே பாகே என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். மாவு ஊறும்வரை பொறுப்பதை எழுதினால் அது அவனுக்கு மட்டும் பொருந்தும். உணவைச் சொல்லாமல் உணவு ஆகிற விதத்தைச் சொல்ல வேண்டும்.

அப்படி இருந்த நாளில்தான் அவனுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். மாதங்கள் போயின, திரும்பவில்லை. அவன் வேலைக்குப் போனான், வந்தான், சிரித்தான். அடுப்படிப் பக்கம் மட்டும் போகவில்லை. பரோட்டாக் கல்லைச் சாத்தூரில் இருக்கும் தன் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொன்னான் என்று அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். அவள் எனக்குத் தங்கச்சி முறை.

“கல்லு போறதப் பத்தி இல்லண்ணே. பொறந்தநாளு வருது. அன்னைக்கும் அடுப்பப் பத்தவைக்கலேன்னா அவுக இனி எப்பவும் பத்தவைக்க மாட்டாக. நீங்க எதாச்சும் எழுதிட்டு வாங்கண்ணே.”

எழுதிட்டு வாங்க! என்னமோ மாத்திரை வாங்கிட்டு வாங்க என்பது மாதிரி. லேபிள் வாசகத்தை நம்பி ஒரு குடும்பம் என்னை அழைப்பது இதுவே முதல் தடவை.

உட்கார்ந்து எழுதினேன். ‘மல்லி மணக்க’ என்று தொடங்கி அடித்தேன். ‘நெய் வாசமாய்’ அடித்தேன். ‘ருசியான நட்பு’ அதையும் அடித்தேன். மணத்தையும் ருசியையும் எடுத்துவிட்டால் சமையலில் எழுத ஒன்றுமே மிஞ்சவில்லை. காலி அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. சரி, அவன் இப்போது எப்படி உணர்கிறானோ அப்படி நானும் ஒரு தடவை சமைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு மூக்கிலும் பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே வந்து, ஒரு அலறல் அலறினாள்.

“என்னங்க இது! மூக்குல பஞ்ச வச்சுக்கிட்டு நிக்கிறீக? ஒரு நிமிசம் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. யாரு குளிப்பாட்டி விட்டாக?”

“பிறந்தநாள் வாழ்த்து எழுதுறேன்” என்றேன்.

“இப்படி எழுதுனா கருமாதி பத்திரிகதான் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் விடவில்லை. பஞ்சோடு எண்ணெயைக் காயவைத்தேன். காய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கடுகைப் போட்டேன், கருகியது, அதுவும் தெரியவில்லை. ஆனால் இரண்டாவது தடவை வேறொன்று தெரிந்தது. கடுகு முதலில் தனித்தனியாகப் பேசுகிறது, பிறகு கூட்டமாக, பிறகு ஓய்கிறது. வெங்காயம் விழுந்ததும் எண்ணெய் சீறுகிறது. ஈரம் வற்ற வற்ற அந்தச் சீறல் மெலிகிறது. மூக்கு போன வீட்டில் காது இன்னும் குடியிருந்தது. இது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் நான் போய் ‘காதால் சமைக்கலாம் மாப்ளே’ என்று உபதேசம் செய்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கு ஆறுதல் பிடிக்காது. அவனால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: சமையலில் தப்பு. ஆகவே தப்பாக எழுதுவது என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், மைதா எல்லாம் வாங்கிப் பையை அவன் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையை நீட்டினேன். அதில் இருந்தது இதுதான்:

‘பிசைந்த சூட்டோடு வீசிய பரோட்டாவைப் போல விரிந்தவனே! தண்ணீரில் நீந்தும் மட்டன் சுக்காவைப் போல நிறைந்தவனே! தளதளவென்று கொதிக்கும் ரசத்தைப் போல என்றும் துள்ளுபவனே! சத்தம் அடங்கியதென்று கலங்காதே, உன் அடுப்பு இன்னும் அணையவில்லை.’

படித்தான். மடியில் வைத்தான். பேப்பரை எடுத்தான். ஒரு பக்கத்தைப் புரட்டியவன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு மறுபடி அட்டையை எடுத்தான்.

“ரசத்தக் கொதிக்க விடுவாகளாலே?”

“ஏன், கொதிச்சாத்தான வேகும்?”

“நொர கட்டுனதும் எறக்கணும். கொதிச்சா கசாயம்.” அவன் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. “சுக்காவுக்கு யாரு தண்ணி ஊத்துவா? கறியே தண்ணி விடும்லே. நீந்துனா அது கொழம்பு. அப்புறம் இது என்னது, பெசஞ்ச சூட்டோட பரோட்டா? ஊறாத மாவ வீசுனா கிழிஞ்சு ஒன் தலையில விழும்.”

“எங்க வீட்டுல அப்படித்தான் போடுறோம்.”

“போட மாட்டீக.”

“விரிஞ்சு வரும் மாப்ளே. நீ மறந்துட்ட.”

இந்த இடத்தில் என் உயிர் பாதி என்னிடம் இல்லை. தங்கச்சி நிலைக்கதவில் சாய்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் எழுந்தான். “மைதா இருக்கா?” என்று அவளிடம் கேட்டான். வாசலில் இருந்த பை நடந்து வந்தது மாதிரி அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது.

மாவு பிசைவதற்கு மூக்கும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். அவன் கை பிசைந்துகொண்டே போய், காது மடலைத் தொடுகிற மென்மை வந்ததும் நின்றது. எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்தான். “இப்ப வீசிப் பாரு, கிழியும். மத்தியானம் வீசு, வேட்டி மாதிரி விரியும்.” அது ஊறட்டும் என்று கறியைச் சட்டியில் போட்டான். நல்லெண்ணெய், வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூடி போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சட்டிக்குள் கொளகொளவென்று சத்தம் கேட்டது. “தண்ணி விட்டுருச்சு” என்றான். வெகுநேரம் கழித்து அந்தச் சத்தம் இறுகிச் சடசடவென்று மாறியது. “சுண்டிருச்சு. இப்பத்தான் வறுபடுது” என்று மூடியைத் திறந்து மிளகைத் தூவினான். அவன் முகத்தில் பழைய போர்மேன் வந்திருந்தார்.

பிறகு ஒரு கரண்டியில் எடுத்தான். வழக்கமாக உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்ப்பான். கை பாதியில் நின்றுவிட்டது. கரண்டியை என் பக்கம் நீட்டினான்.

“உப்பு பாரு. லேபிளுக்கு எழுதுற மாதிரி சொல்லக் கூடாது.”

வாயில் போட்டேன். உப்பு போதவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற தங்கச்சி, ‘நல்லா இருக்குன்னு சொல்லுங்க, சொல்லுங்க’ என்று தலையை ஆட்டினாள். அவன் கையால் சாப்பிட்ட இத்தனை வருஷத்தில் உப்பு குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. ‘அமிர்தம்’ என்று ஒரு சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அது என் தொழில். ஆனால் இன்று பொய் சொன்னால், இனி என்றைக்கும் அவன் கரண்டியை யாரிடமும் நீட்ட மாட்டான்.

“கம்மி” என்றேன்.

தங்கச்சி முகம் சுருங்கியது. அவன் என்னையே பார்த்தான்.

“எம்புட்டு கம்மி?”

“ஒரு சிட்டிகைக்கு மேல. ரெண்டுக்கு உள்ள.”

போட்டான். கிளறினான். மறுபடி நீட்டினான். “இப்ப?”

“இப்பச் சரி.”

“நெசமா?”

“நெசமாடா.”

அவன் அடுப்பைக் குறைத்துவிட்டு, மாவின் மேல் கிடந்த துணியை விரலால் தூக்கிப் பார்த்தான். மத்தியானம் அந்த மாவு அவன் கையில் வேட்டி மாதிரியேதான் விரிந்தது. சுருட்டி, தட்டி, தங்கச்சி கொடுத்துவிடாமல் வைத்திருந்த அந்தக் குழிந்த கல்லில் நிறைந்த எண்ணெயில் இட்டபோது அது பெரிய இரைச்சலோடு குமிழ் விட்டது. அவன் இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினான்.

“மத்ததெல்லாம் நீ வேணும்னே தப்பா எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ரசம் கொதிக்கக் கூடாதுன்னு நான் ஒனக்கு எத்தன வருசம் சொல்லிருக்கேன். ஆனா இந்தக் கடைசி வரிய நெசமா நெனச்சு எழுதிருக்க. அதுதாம்லே தப்பு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒரு வரியைத்தான் நான் நெஞ்சில் இருந்து எழுதியிருந்தேன்.

“கேளு” என்றான். கல்லில் இரைச்சல் மெல்லக் குறைந்தது. பெரிய குமிழ்கள் சின்னதாகின. சின்னவையும் ஓரத்துக்கு ஒதுங்கின. பொன்னிறமாக, கொஞ்சமும் சத்தம் இல்லாமல் பரோட்டா மிதந்தது.

“சத்தம் அடங்குனா கலங்கவும் வேண்டாம், ஒருத்தரும் தேத்தவும் வேண்டாம். வெந்துருச்சுன்னு அர்த்தம்” என்று சொல்லி அதை வழித்து எடுத்தான். “எலையப் போடுங்க.”