கட்டில் கம்பியில் கட்டிய துண்டு

டெய்லரம்மாவுக்கு வாய் நீளம் என்று தெருவில் பேர். அந்த நீள வாயை வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக அவள் பேசிக்கொண்டிருந்தது பதில் பேச முடியாத ஓர் ஆளோடு.

அவள் புருஷன் பஸ் டிரைவர். ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் அதோடு போனது. மிஞ்சியது இடது கையும் கண்ணும். அந்த இடது கையில் டெய்லரம்மா ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கொடுத்தாள். கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வை. மூன்று தட்டினால் டிவியை அணை. நாலாவது தட்டுக்கு அவசியமே வரவில்லை. ஒரு குடும்பம் நடத்த அவ்வளவு பேச்சே போதும் என்று அவள் சிரிப்பாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டுவாள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பாள். தைத்து மிச்சமான துணியில் விதவிதமாகத் திண்டு தைத்தாள். ஒரு மிஷினை விற்றுவிட்டு, இன்னொன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மகள் ஒருமுறை லீவில் வந்தபோது இதையெல்லாம் போனில் பிடித்து இணையத்தில் ஏற்றினாள். அதற்குப் பிறகு டெய்லரம்மாவே பிடித்து ஏற்றக் கற்றுக்கொண்டாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள், பார்க்காமலேயே லைக் போடுகிறவர்கள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களைப் பற்றி வாராவாரம் இணையத்தில் வீடியோ நேரலையில் பேசும் ஒரு நிகழ்ச்சி. நடத்துகிறவர் நல்ல குரல்காரர், நாற்பதாயிரம் பேர் கேட்கிறார்கள். டாக்டர் வருகிறார், மனநல ஆலோசகர் வருகிறார், புத்தகம் எழுதியவர் வருகிறார். மலம் அள்ளியவர் ஒருவரும் வரவில்லை. அங்கே ஒருநாள் போய்ப் பேசிவிட வேண்டும். ஆறு வருஷத்தில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை, "எப்படி இருக்கார்?" என்பதைத் தவிர. அந்தக் கேள்வியும் அவளைப் பற்றியது இல்லை.

முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். கல்யாணம் ஆன கதையில் தொடங்கி மூன்று பக்கம். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து மகளிடம் போனில் புலம்பினாள்.

"அம்மா, உன் சுயசரிதையை யாரு படிப்பா? அவங்களுக்கு ஒருநாளைக்கு அம்பது பேர் எழுதுவாங்க. நீ வந்தா கேக்கறவங்களுக்கு என்ன கிடைக்கும்னு சொல்லு. பத்து வரிக்கு மேல போகாதே."

"பத்து வரியில என்னத்தடி சொல்றது? பத்து வரியில பொடவைக்கு விலைகூடப் பேச முடியாது."

"முதல்ல அவங்க நிகழ்ச்சியை நாலு கேளு. எதுல எது விட்டுப்போச்சுன்னு பாரு. அங்கேருந்து ஆரம்பி."

நாலு இல்லை, பதினாறு கேட்டாள், மிஷின் மிதித்துக்கொண்டே. ஒன்றில் ஒரு டாக்டர், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போனார். எப்படி என்று நடத்துகிறவரும் கேட்கவில்லை. அங்கே பிடித்துக்கொண்டாள். அந்த நிகழ்ச்சியின் தேதியைச் சொல்லி, விட்டுப்போன கேள்வியைச் சொல்லி, தனியாக இருக்கும் ஒரு பெண் தன்னைவிடக் கனமான ஆளை எப்படிப் புரட்டுவது என்று நேரலையில் செய்தே காட்டுகிறேன் என்று எழுதினாள். பேசக்கூடிய மூன்று விஷயங்களும் இரண்டு நிமிஷ வீடியோ ஒன்றின் இணைப்பும் போட்டாள். கடைசி வரியை மகள் சொல்லவில்லை, அவளே எழுதினாள்: "என் கணவர் ஆறு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். இன்றுவரை உடம்பில் ஒரு புண் இல்லை."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கும் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். சின்னப் பெண், சுறுசுறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நேரலை. கால்மணி முன்னால் இணைப்பில் வந்து காத்திருக்க வேண்டும். போன் கண் உயரத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரில். ஒயர் வைத்த இயர்போன். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. ஒரு பதில் ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. கடைசிப் பத்து நிமிஷம் கேட்கிறவர்களின் கேள்வி.

"ஒருதரம் பேசிக் காட்டுங்கம்மா, சவுண்ட் பாத்துக்கறேன்."

டெய்லரம்மா பேசினாள். பெண் முகத்தைச் சுளித்தாள்.

"பின்னாடி டக்கு டக்குனு என்னம்மா? யாராவது ஆணி அடிக்கறாங்களா?"

"அது எங்க வீட்டுக்காரர். புரட்டச் சொல்றாரு."

"ஐயோ, பாவம். ஆனா மைக்ல நம்ம குரலைவிடப் பெருசா விழுது. நேரலை அன்னைக்கு மட்டும் ஏதாவது பண்ண முடியுமா பாருங்க."

நேரலை அன்றைக்கு மட்டும் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். ஒத்திகையும் நேரலை மாதிரியே இருக்க வேண்டும் என்று டெய்லரம்மா அன்றைக்கே ஒரு பழைய துண்டை எடுத்து, கம்பியைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி, ஊசி நூலால் இழுத்துத் தைத்தாள். அவளுடைய தையல் சாமானியத்தில் பிரியாது.

"ஒரு வாரம்தான் பொறுத்துக்கோங்க. உங்களால எனக்கு வந்த பேரு, நீங்களே கெடுத்துடாதீங்க" என்றாள். டிரைவர் கண்ணைச் சிமிட்டினார். அது சரி என்று அர்த்தம்.

அன்றிலிருந்து தினமும் முன்னறையில் உட்கார்ந்து பேசிப் பழகினாள். ஒன்றரை நிமிஷத்துக்குள் ஒரு பதில் அடங்குவது லேசா? அவள் வாய்க்கு அது கடிவாளம். போனில் பதிவை ஓடவிட்டு, ஒரே பதிலை இருபது தடவை சொல்லிப் பார்த்தாள். அரைமணி என்று உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பாள், அவர் சத்தமில்லாமல் படுத்திருப்பார். சமர்த்து என்று நினைத்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் உடம்பு துடைக்கும்போது பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், சிவப்பாக ஒரு வட்டம். விரலால் அழுத்தினாள். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து, விட்டதும் சிவக்கும். வெளுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். வெளுக்கவில்லை.

அவள் அழவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் திண்டு கொடுத்தாள். அந்த இடத்தைத் தேய்க்கவில்லை, பவுடர் போடவில்லை. வீட்டுக்கு வரும் நர்சுக்குப் போன் போட்டாள். பிறகு முன்னறைக்குப் போய், முந்தின நாள் பதிவை இயர்போன் மாட்டிக்கொண்டு போட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று பார்க்கத்தான் போட்டாள்.

பதிவில் அவள் குரல் நன்றாக இருந்தது. "நோயாளி கூப்பிடறதுக்கு முன்னாடி நாம போய் நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்கு அடியில், பஞ்சில் குத்துவது போல, டொப், டொப். சற்று இடைவெளி. டொப், டொப். அவள் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறாள். டொப், டொப். கடைசி முக்கால் மணி நேரத்தில் அது வரவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துவந்து துண்டை வெட்டினாள். தையல் கெட்டியாக இருந்ததால் நேரம் பிடித்தது. கரண்டி பட்ட இடத்தில் துணி நைந்து குழி விழுந்திருந்தது. கரண்டியை அவர் கையில் வைத்து, "தட்டுங்க" என்றாள். அவர் பிடித்துக்கொண்டார், தட்டவில்லை.

புதன்கிழமை அந்த ஒருங்கிணைக்கும் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"அந்த வரியை எடுத்துடும்மா. ஒரு புண் இல்லைங்கறது இப்போ பொய்."

"ஐயோ அம்மா, போஸ்டர்ல அதான் பெருசாப் போட்டிருக்கு. போன வாரம் வரைக்கும் நிஜம்தானே?"

"போன வாரம் வரைக்கும் நான் ஒத்திகை பாக்கலை."

அந்தப் பெண், நடத்துகிறவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சாயங்காலம் செய்தி வந்தது: வாருங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஆனால் போஸ்டரை மாற்ற நேரமில்லை.

சனிக்கிழமைக்குள் அந்த இடத்தில் தோல் லேசாக உரிந்துவிட்டது. நர்ஸ் வந்து உப்பு நீரில் கழுவிக் கட்டுப் போட்டு, மூன்று வாரம் பொறுமை வேண்டும் என்றாள். நாலு மணிக்கு டெய்லரம்மா போனைக் கட்டில் இருந்த அறையிலேயே வைத்து உட்கார்ந்தாள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினாள். இன்னொரு காது கம்பிக்கு.

நடத்துகிறவர் குரலைக் குழைத்து, "ஆறு வருஷம், ஒரு புண் இல்லாம..." என்று தொடங்கினார்.

"இருக்குங்க" என்றாள் டெய்லரம்மா. "செவ்வாக்கிழமையிலேருந்து இருக்கு. உங்க நிகழ்ச்சிக்குப் பேசிப் பழகின நேரத்துல வந்தது. அவர் கூப்பிட்டாரு. சத்தம் மைக்ல விழக்கூடாதுன்னு நான் கம்பிக்குத் துண்டு கட்டியிருந்தேன்."

நல்ல குரல்காரர் குழைவை விட்டுவிட்டார். அப்புறம், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். விரலால் அழுத்திப் பார்ப்பதை அவள் சொன்னாள். ஒரு நிமிஷத்துக்குள் சொன்னாள். நாலரைக்கு, "மன்னிச்சுக்கோங்க, நேரமாச்சு" என்று எழுந்துபோய், முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கமாக உருட்டிக் காட்டினாள். அவருடைய முகமும் இடுப்பும் தெரியாமல் போர்வையால் மறைத்திருந்தாள். திண்டு வைத்தாள், வந்து உட்கார்ந்தாள். கேட்டவர்களில் ஒருவர், புண் வர விட்டவள் பாடம் எடுக்கிறாளா என்று எழுதினார். இன்னொருத்தி, என் அம்மாவுக்கும் அதே இடத்தில் சிவந்திருக்கிறது, அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை, என்ன செய்யட்டும் என்று எழுதினாள். முதல் ஆளுக்கு, "நியாயம்தான்" என்றாள். இரண்டாவது ஆளுக்கு விவரமாகப் பதில் சொன்னாள், ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டி.

ஒரு மணி நேரமும் வெறும் காதைத் தீட்டிக்கொண்டே பேசினாள். தட்டினால் அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று காலைக்கூட மடக்கவில்லை. தட்டு வரவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி: "கலக்கிட்டீங்கம்மா! சவுண்டும் சூப்பர். பின்னாடி ஒரு சத்தம் இல்லை."

புண் மூன்று வாரத்தில் ஆறியது. தோல் மட்டும் அந்த இடத்தில் மெல்லிசாக, வேறு நிறமாக இருக்கிறது. அவளைப் பார்க்கிறவர்கள் இரண்டாயிரம் பேர் ஆனார்கள். வேறு இரண்டு நிகழ்ச்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள், நேரம் இல்லை என்று எழுதிவிட்டாள். இப்போது கடிகாரத்தை மட்டும் நம்பிப் புரட்டுகிறாள். கரண்டி அவர் கையிலேயே இருக்கிறது. தாகத்துக்குக்கூட அவர் தட்டுவதில்லை. வேண்டுமென்றே இல்லை, கோபமும் இல்லை. கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. கூப்பிடும் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம் டெய்லரம்மா தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து போய், அவர் விரலிலிருந்து கரண்டியை வாங்கி, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள். டக், டக். வீடே அதிர்ந்தது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பது போல.