ஐந்தை மட்டும் எண்ணினேன்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட்டேன். புக் பேக் கேள்விகள், எடுத்துக்காட்டுகள், எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதோடு நிறுத்தியிருக்கலாம். கணக்கு டீச்சர் ஒலிம்பியாட் முதல் கட்டத் தேர்வுக்கு என் பெயரையும் என் விடுதித் தோழியின் பெயரையும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எந்தப் பாடம், எந்தச் சூத்திரம்னு கேள்வியே சொல்லாதும்மா. நீங்களேதான் தேடணும்" என்றார் டீச்சர். தேடுவதா? எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

ஆனால் தேறியாக வேண்டும். எங்கள் மலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பிரிவு இல்லை. மலைக்குக் கீழே போளூருக்குத்தான் போக வேண்டும். ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் புளி கொண்டுவந்த அப்பா, விடுதி வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "இதுல தேறிட்டன்னா போளூர்ல சேத்து வுடறேன். இல்லாட்டி இங்கியே இருக்கற குரூப்பப் படி. பொட்டப் புள்ளய தனியா கீழ அனுப்பிட்டு நாங்க இன்னா பண்றது?"

பழைய வினாத்தாள்களை விடைகளோடு அச்செடுத்து வந்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மனப்பாடம். கேள்வியைப் படி, விடையைப் பார், மூன்று முறை எழுது, அடுத்தது. பொதுத்தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் அக்காக்கள் எல்லாரும் அப்படித்தான் படித்தார்கள்.

தோழியோ நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துப் பெண், கணக்கில் ஆமை வேகம். ஒரு கணக்கை எடுத்தால் விடைத்தாளைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். தண்ணீர் பிடிக்கப் போனாலும் வாய் முணுமுணுக்கும்.

"இன்னாடி, ஒரு கணக்குக்கு ஒரு வாரமா? தேர்வுக்குள்ள கிழவியாய்டுவ" என்பேன்.

"இருடி. எங்கியோ கிட்டக்கத்தான் கீது" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். ஒன்றிலிருந்து நூறு வரை எல்லா எண்களையும் பெருக்கினால் கடைசியில் எத்தனை சுழியம் வரும்? "ஐந்தின் மடங்கு இருபது. இருபத்தஞ்சு, அம்பது, எழுபத்தஞ்சு, நூறுல இன்னொரு அஞ்சு ஒளிஞ்சிருக்கு, அது நாலு. மொத்தம் இருபத்துநாலு. அஞ்சை மட்டும் எண்ணு, முடிஞ்சுது."

"ஏன் அஞ்சை மட்டும்?" என்றாள்.

"விடையில அப்படித்தான் போட்டிருக்கு. வேலையப் பாரு."

அவள் அதோடு விடவில்லை. சாப்பாட்டு வரிசையிலும் அதையே கேட்டாள். நான் காது கொடுக்கவில்லை.

தேர்வு திருவண்ணாமலையில். மலைப்பாதை வளைவுகளிலும் விடைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். தாளைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று: ஒன்றிலிருந்து நூறு வரையுள்ள ஒற்றை எண்களை மட்டும் பெருக்கினால் கடைசியில் எத்தனை சுழியம்? அப்பாடா! ஐந்து, பதினைந்து என்று தொண்ணூற்றைந்து வரை பத்து. இருபத்தைந்திலும் எழுபத்தைந்திலும் கூடுதலாக ஒன்று. பன்னிரண்டு. எல்லா விடையும் இரண்டு இலக்கம்; ஒன்று, இரண்டு என்று இரு வட்டங்களையும் பேனாவால் கறுப்பாக நிரப்பினேன். பேனா வைத்தால் வைத்ததுதான், மாற்ற முடியாது.

வெளியே வந்ததும் தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தயங்கினாள்.

"சுழியம் வரணும்னா அஞ்சுக்கு ஜோடியா ஒரு ரெண்டு வேணுமே. ஒற்றை எண்ல ரெண்டு ஏதுடி? பெருக்கினா கடைசில அஞ்சுதான் வரும். நான் சுழியம் சுழியம்னு நிரப்பினேன்."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். நூறு வரைக்கும் இரண்டுகள் கொட்டிக் கிடந்ததால்தான் ஐந்தை மட்டும் எண்ணினால் போதுமாயிருந்தது. இத்தனை நாளும் அதை மூன்று மூன்று முறை எழுதியவள் நான். ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை. அழுகை வந்தது. மலையேறும்வரை அவளோடு பேசவில்லை. அவள் மேலா கோபம், என் மேலா என்று பிரித்துப் பார்க்கவும் தெம்பில்லை.

பாதித் தாளை வெறுமையாக விட்டாலும் போட்டது சரியாக இருந்தால் தேறிவிடலாம், அப்படிப்பட்ட தேர்வு. முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள். எல்லாக் கேள்விக்கும் வட்டம் நிரப்பிய நான் தேறவில்லை. போளூர்ப் பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் கேட்டு டீச்சரே பேசினார்.

அடுத்த சந்தைக்கு வந்த அப்பாவிடம், நான் தேறாததையும் தோழிக்குப் போளூரில் இடம் கேட்டிருப்பதையும் தலைகுனிந்து சொன்னேன். அவர் புளி மூட்டையை இறக்கி வைத்தார். பிறகு என் பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ போறியாம்மா போளூருக்கு?"

"போறேங்க."

"அப்ப இவளும் வரட்டும். ஒனக்குத் தொணயா இருப்பா."

தோழி துள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்குத் துணையாக.