ஏணி மிஸ்ஸின் அடிவயிற்றுப் பாரம்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆள் நல்ல உயரம். ஒரு பிள்ளை முழங்காலைப் பிடித்து ஏறினால் இன்னொன்று இடுப்பில் தொங்கும், மூன்றாவது தோளுக்கு வழி தேடும். ஏணி என்று முதலில் சொன்னது சமையல்கார அக்காதான். பிள்ளைகள் அதோடு ஒரு மிஸ்ஸைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் அறை அவள் பொறுப்பு. ஜட்டி மாற்றும் மேசை அவள் இடுப்புயரம். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி அதில் கிடத்த வேண்டும், துடைக்க வேண்டும், இறக்க வேண்டும். தூங்கவைக்கிறபோது தூக்கல், அழுதால் தூக்கல், ஜன்னல் வழியாகக் குப்பை லாரி பார்க்கத் தூக்கல். அறையில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும் என்பது காப்பகத்தின் சட்டம். அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும், போனால் அறையை யார் பார்ப்பது?

இரண்டாவது பிள்ளை பிறந்து பேறுகால விடுப்பு முடிந்ததும் அவள் அதே அறைக்குத் திரும்பினாள். முதல் வாரம் சும்மா களைப்பு என்று நினைத்தாள். பிறகு மத்தியானம் ஆக ஆக அடியில் ஒரு பாரம் இறங்க ஆரம்பித்தது. ஈரத் துணியை உள்ளே வைத்துத் தைத்தது போல. உட்கார்ந்தால் எதன்மேலோ உட்கார்கிற மாதிரி இருக்கும். ராத்திரி படுத்தால் சரியாகிவிடும். காலையில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும், தன் மேலேயே சந்தேகம் வரும்.

ஒருநாள் குளிக்கிறபோது கை பட்டது. யோனி வாயில், உள்ளேயிருந்து பிதுங்கிக்கொண்டு, கன்னத்தின் உட்புறம் போல வழவழப்பாக ஒரு மேடு. கையை எடுத்துவிட்டாள். குளியலறைக்கு வெளியே கைக்குழந்தை அழுதது. அவள் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

கருப்பை கழன்று வருகிறது என்று முடிவு செய்தாள். வந்துவிட்டால் எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் தூக்கக் கூடாது என்பார்கள். தூக்காத ஆயாவை எந்தக் காப்பகம் வைத்துக்கொள்ளும்? இந்த வரிசையில் ஒரு இடத்திலும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மாடியில் குடியிருந்த நாத்தனாரிடம் பாதியை மட்டும் சொன்னாள். "அடிவயிறு கனமா இருக்கு, அண்ணி."

"வயிறு தொளதொளன்னு கெடந்தா கனக்காம என்ன பண்ணும்? பெல்ட் கட்டு." நாத்தனார் தன் பெல்ட்டையே கொண்டுவந்தாள். அகலமான, ஒட்டிப் பிரிக்கிற பெல்ட். மூச்சை இழுக்கச் சொல்லி அவளே இறுக்கினாள். "இப்ப பாரு. மேல தூக்கிக் கட்டியாச்சு. எங்க இறங்கும் அது?"

இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தாள். மூன்றாவது நாள் பாரம் காலை பத்து மணிக்கே வந்தது. சரியாக இறுக்கவில்லை போல என்று இன்னும் ஒரு விரல்கடை இறுக்கினாள். தும்மினால் துளி சிறுநீர் கசிந்தது. அதனால் தண்ணீரை இன்னும் குறைத்தாள். குறைத்ததால் மலம் கட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டதால் கழிப்பறையில் நெற்றி நரம்பு புடைக்க முக்கினாள். முக்கிவிட்டு எழுந்தால் அந்த மேடு முன்னைவிட வெளியே இருந்தது.

வீட்டிலும் விலகிப் படுத்தாள். புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கோபம் வந்தால் பேசமாட்டார், வேனைக் கழுவுவார். அந்த மாதம் வேன் பளபளவென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியும் கையுமாக நின்றவரிடம் அவளே போனாள்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல. எனக்குதான் கீழ ஏதோ வெளிய வருது."

வாளியை வைத்தார். "வெளியன்னா?"

"வெளியன்னா வெளிய."

தரையைப் பார்த்தார். "விழுந்துடுமா?"

"எனக்கென்ன தெரியும்? விழுந்தா எடுத்து வைங்க."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நாளைக்கு லீவு சொல்லு," என்றார். "வேனுக்கு ஆள் போட்டுட்டு நானும் வரேன். இத்தனை நாளா இத வச்சுக்கிட்டா அந்தப் பசங்களத் தூக்கிட்டிருந்த?"

மகளிர் மருத்துவப் பிரிவில் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றிலும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். அவர் தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவளைவிட இளையவள். மெதுவாகக் கேட்டாள், ஒவ்வொன்றாக. முதல் பிரசவம் எப்படி, இரண்டாவது பிள்ளை என்ன எடை, எவ்வளவு நேரம் முக்கினீர்கள். படுக்க வைத்துக் கருவியால் பார்த்தாள். இருமச் சொன்னாள். முக்கச் சொன்னாள். பிறகு நிற்க வைத்தும் ஒருமுறை பார்த்தாள்.

"கருப்பை கழண்டு வரலம்மா," என்றாள். "அது கிட்டத்தட்ட இருக்கிற இடத்துலதான் இருக்கு. நீங்க தொட்டது யோனியோட முன்பக்கச் சுவர். அதுக்கு அந்தப் பக்கம் மூத்திரப்பை. இது எல்லாத்தையும் கீழேருந்து தாங்குற தசை பிரசவத்துல இழுபட்டுத் தளர்ந்திருக்கு. அதனால மூத்திரப்பை அந்தச் சுவரைத் தள்ளிக்கிட்டு இறங்குது."

"ஆபரேஷனா?"

"இப்ப இல்ல. பிரசவமாகி ஒரு வருஷம்கூட ஆகல, இன்னும் தேறும். பயிற்சி இருக்கு, உள்ள வச்சுத் தாங்குற ரிங் இருக்கு. அதுக்கெல்லாம் அப்புறம், நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்கன்னா, அப்ப யோசிக்கலாம். உயிருக்கு ஆபத்தான விஷயம் இல்ல. பிள்ளை பெத்தவங்கள்ல நிறைய பேருக்கு இருக்கு. சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்." பிறகு நாற்காலியில் கிடந்ததைப் பார்த்தாள். "இந்த பெல்ட் யாரோடது?"

"நாத்தனாரோடது."

"திருப்பிக் கொடுத்துடுங்க. பற்பசை டியூபை நடுவுல பிடிச்சு அமுக்கினா என்ன ஆகும்?"

அவள் பெல்ட்டை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

அடுத்த அறையில் பயிற்சி சொல்லித்தரும் அம்மா, அனுமதி கேட்டு, கையுறை போட்ட விரலை உள்ளே வைத்து, "சிறுநீரையும் காத்தையும் ஒண்ணா அடக்குற மாதிரி உள்ளுக்கு இழுங்க" என்றாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

"நீங்க வெளிய தள்றீங்கம்மா. உள்ள, மேல. வயித்தையும் பிட்டத்தையும் விடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க."

நாலைந்து முறைக்குப் பிறகு எங்கோ ஒரு சின்ன அசைவு. "இதேதான்," என்றாள் அந்த அம்மா. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அங்கே தனக்கு ஒரு தசை இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு மூலையில் இருந்த மணல் பையைத் தூக்கச் சொன்னாள். அவள் பிள்ளைகளைத் தூக்குகிற மாதிரியே தூக்கினாள்.

"தூக்குறப்ப மூச்சு எங்க போச்சு?"

தம் பிடித்திருந்தாள். யோசித்தால் காப்பகத்தில் எல்லோருமே அப்படித்தான். தம் பிடித்து ஒரே எம்பு. ஒவ்வொரு எம்பும் கீழே போய் முட்டியிருக்கிறது, நாளெல்லாம்.

"முதல்ல அந்தத் தசைய உள்ளுக்கு இழுத்துப் பிடிங்க. மூச்சை ஊதிக்கிட்டே தூக்குங்க. மெழுகுவர்த்தி அணைக்கிற மாதிரி."

ரிங் சிலிகானில் செய்தது, வளையும். முதலில் வைத்தது, கழிப்பறைக்குப் போய் வரச் சொன்னதும் நழுவி வந்துவிட்டது. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு முகம் செத்துத் திரும்பி வந்தாள். "செருப்பு வாங்குறப்ப முதல் ஜோடியேவா பொருந்துது?" என்று டாக்டரம்மா அடுத்த அளவை எடுத்தாள். அது நின்றது. இருமினாள், குந்தினாள், நடந்தாள். இருப்பதே தெரியவில்லை. தானே எடுத்துக் கழுவி மாட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். வலித்தாலோ ரத்தம் பட்டாலோ சிறுநீர் இறங்காவிட்டாலோ உடனே வர வேண்டும், மற்றபடி சொல்கிற நாளில் பரிசோதனைக்கு வந்தால் போதும்.

வேலையைப் பற்றிக் கடைசியாகத்தான் கேட்டாள். கேட்கப் பயமாக இருந்தது.

"விட வேண்டாம்," என்றாள் டாக்டரம்மா. "ஆனா இதே மாதிரி செய்யக் கூடாது. கனமானதைத் தூக்கறதைக் குறைங்க. தண்ணி குடிங்க, போகணும்னா போங்க. முக்கவே கூடாது."

அதாவது இனி அது காப்பகத்துத் தலைவியின் கையில் இருந்தது.

தலைவி கறாரானவள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கேட்டாள். ஏணி மிஸ் முழுதாகவே சொன்னாள். மேடு என்றாள், மூத்திரப்பை என்றாள்.

"தூக்க மாட்டேங்கறியா?"

"தூக்குவேன். எல்லாத்துக்கும் தூக்க மாட்டேன். நடக்கிற பிள்ளைங்க மேசைக்குத் தானே ஏறட்டும். படி ஒண்ணு போட்டுக் கொடுங்க. அப்புறம் நான் பாத்ரூம் போற நேரம் ஒருத்தர் வந்து நிக்கணும்."

"உனக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் மேடம். எல்லாருக்கும்தான மூத்திரப்பை இருக்கு."

கதவோரம் காய்கறிக் கூடையோடு நின்ற சமையல்கார அக்கா இருமினாள். தலைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "சமையல் நேரத்துல கொஞ்சம் இவ ரூம்ல நிக்க முடியுமா?"

"நிக்கிறேன்," என்றாள் அக்கா. "எனக்கும் போகணும்னா யாராவது வந்து அடுப்புகிட்ட நிக்கட்டும்."

தலைவி உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். படிக்குக் காசில்லை என்றாள். படியை வேன்காரரே பழைய பலகையில் அடித்துக் கொண்டுவந்தார், மூன்று படி, பக்கத்தில் கைப்பிடியோடு. வேனைக் கழுவுவதைவிட நல்ல பொழுதுபோக்கு என்றார்.

ஏறத் தெரிந்த பிள்ளைகள் அதில் ஏறுவதற்காகவே ஜட்டியை நனைத்தார்கள். அது வேறு தொல்லை.

பயிற்சி பலன் தர மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், ஆனது. நிறைய நின்ற நாளில் சாயங்காலம் இன்னும் கனக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுகிறாள், சோற்றைப் புருஷன் வடிக்கிறார். பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது நாத்தனார் விஷயம் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, பெல்ட்டை மடித்துக்கொண்டே, "அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பா?" என்றாள்.

ஒரு மாதம் முடிந்ததைத் தலைவியும் நினைவுபடுத்தவில்லை, இவளும் கேட்கவில்லை. படி அங்கேயேதான் கிடக்கிறது.

அழுகிற பிள்ளையை மட்டும் அவள் தூக்காமல் இருப்பதில்லை. கிட்டே போய், குந்தி, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, அடித்தசையை உள்ளுக்கு இழுத்துப் பிடித்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே எழுகிறாள். உஃப்ப்ப். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அவள் யாரையாவது தூக்கப் போனால் அறை முழுவதும் தயாராகிவிடுகிறது. மூலையில் கட்டை அடுக்குகிறவன், ஜன்னலோரம் நிற்கிறவள், அழுதுகொண்டிருக்கிற பிள்ளையும்கூட, கன்னம் உப்ப, எச்சில் தெறிக்க, அவளோடு சேர்ந்து ஊதுகிறார்கள்.